மாதவிடாய் சுழற்சி வரைபடம்: நாள்களை விட்டுவிட்டுக் கோடுகளைப் படியுங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலிலும் நீட் தேர்விலும் இந்தப் பாடம் என்றாலே நான்கு கோடுகள் கொண்ட ஒரு ஹார்மோன் வரைபடம் வரும். பலரும் 5, 14, 28 என்று நாள்களை மனப்பாடம் செய்வார்கள். நான் வெள்ளைத் தாளில் ஒவ்வொரு கோடாக வரைந்து, 'இது ஏன் இப்போது ஏறுகிறது?' என்று கேட்டுக் கேட்டுப் படித்தேன்.

ரத்தப்போக்கு தொடங்கும் நாள்தான் முதல் நாள். அப்போது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் இரண்டுமே குறைவு. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குத் தடை இல்லாததால் அது சுரக்கும் எஃப்எஸ்எச் ஹார்மோன் சற்று ஏறி, சினைப்பையில் அண்டத்தைத் தாங்கும் சிறு பைகளான ஃபாலிக்கிள்கள் சிலவற்றை வளர்க்கிறது. வளரும் ஃபாலிக்கிள்கள் ஈஸ்ட்ரோஜன் சுரக்கின்றன. அது கருப்பையின் உட்சுவரை மறுபடி தடிக்க வைப்பதோடு எஃப்எஸ்எச்சையும் குறைத்துவிடும். குறைந்த எஃப்எஸ்எச்சிலும் தாக்குப்பிடிக்கிற ஒரே ஒரு ஃபாலிக்கிள் பொதுவாக முதிர்கிறது. மற்றவை சுருங்கிவிடும்.

அடுத்ததுதான் எல்லோரும் தடுமாறுகிற இடம். இதுவரை பிட்யூட்டரியை அடக்கிவந்த அதே ஈஸ்ட்ரோஜன், உச்ச அளவில் ஏறத்தாழ இரண்டு நாள் நீடித்தால் அதைத் தூண்டத் தொடங்குகிறது. பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான எல்எச் சட்டென்று எகிறும். அந்த ஏற்றம் தொடங்கி சுமார் 36 மணி நேரத்தில் அண்டம் விடுபடும். ஆகவே வரிசை: முதலில் ஈஸ்ட்ரோஜன் உச்சம், பிறகு எல்எச் உச்சம், அப்புறம் அண்டம். வரிசைப்படுத்தும் கேள்விக்கு இது போதும்.

அண்டம் வெளியேறிய ஃபாலிக்கிள் கார்பஸ் லூட்டியமாக மாறி, புரோஜெஸ்டிரானை அதிகமாகவும் ஈஸ்ட்ரோஜனை ஓரளவும் சுரக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கோட்டின் இரண்டாவது, சிறிய மேடு இதனால்தான். வரையும்போது பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கரு பதிந்தால் எச்சிஜி என்ற ஹார்மோன் கார்பஸ் லூட்டியத்தைக் காப்பாற்றும். இல்லையென்றால் அது சுமார் 14 நாளில் செயலிழக்கும். புரோஜெஸ்டிரான் சரிய, உட்சுவரின் சுருள் தமனிகள் இறுகி, சுவர் உரிந்து ரத்தத்தோடு வெளியேறும். தடை நீங்கியதால் எஃப்எஸ்எச் மறுபடி ஏறும்.

சரி, ஒரு கணக்கு. ஒருவருக்கு 35 நாள் சுழற்சி என்றால் அண்டம் எப்போது விடுபடும்? '14-ஆம் நாள்' என்பது தவறான விடை. ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவது முன்பாதி, அதாவது ஃபாலிக்கிள் வளர எடுக்கும் காலம். பின்பாதி பெரும்பாலும் 14 நாளை ஒட்டியே இருக்கும். எனவே 35-இல் 14-ஐக் கழித்தால் ஏறக்குறைய 21-ஆம் நாள்.

இது தேர்வுக்கு மட்டுமல்ல. அண்டம் விடுபட்டதா என்று அறிய, 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு 21-ஆம் நாளில் புரோஜெஸ்டிரான் பரிசோதனை செய்வார்கள். ஏனென்றால் அண்டம் விடுபட்ட ஒரு வாரத்தில்தான் அது உச்சம் தொடும். 35 நாள் சுழற்சிக்காரருக்கும் அதே 21-ஆம் நாளில் எடுத்தால் அளவு குறைவாகவே காட்டும். அவருக்குச் சரியான நாள் 28 வாக்கில் வரும்.