அந்த 95 சதவீதத்தில் நான் உண்டா?

பெங்களூரில் ஒரு ஏஜென்ட் கொடுத்த வழவழப்பான நோட்டீஸை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிரிட்டனில் ஒரு வருட எம்.எஸ்சி., சப்ளை செயின் மேனேஜ்மென்ட். "எங்கள் பட்டதாரிகளில் 95 சதவீதம் பேர் வேலையில் அல்லது மேற்படிப்பில்" என்று நடுவில் பெரிதாகப் போட்டிருந்தது. காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்பைத் தவிர, கடனுக்கு வைக்க எங்களிடம் வேறு சொத்து இல்லை.

"யாரைக் கேட்டு இந்தக் கணக்குப் போட்டாங்க?" என்றார் அப்பா.

"படிச்ச எல்லாரையும் கேட்டிருப்பாங்கப்பா."

"தோப்பைக் குத்தகைக்குப் பேச வர்றவன் ரோட்டோரத்து மரத்தை மட்டும் பாத்துட்டு விலை சொல்ல மாட்டான். உள்ள நடந்து பாரும்மா."

நான் ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவில் மூன்று வருடமாக இருக்கிறேன். சரக்குக் கணக்கு பார்ப்பவளுக்கு இதை அப்பா சொல்ல வேண்டியதாகிவிட்டது.

அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் 95-க்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடியில் அதற்கான விளக்கம்: கிராஜுவேட் அவுட்கம்ஸ் சர்வே, 2022/23-இல் முடித்தவர்கள், முழுநேர இளநிலைப் பட்டதாரிகள், பிரிட்டனையே சொந்த இடமாகக் கொண்டவர்கள். நான் சேரப் போவது முதுநிலைக்கு, போவது கிருஷ்ணகிரியிலிருந்து. அந்த 95-இல் என்னைப் போன்ற ஒரு ஆள்கூட இல்லை. நோட்டீஸில் பொய் எதுவும் இல்லை, நட்சத்திரம் மட்டும்தான் இல்லை.

இந்த சர்வே பிரிட்டன் முழுக்க நடப்பது. படிப்பு முடித்து சுமார் 15 மாதம் கழித்து, "இந்த வாரம் என்ன செய்கிறீர்கள்" என்று கேட்பார்கள். சம்பளம் வாங்கும் எந்த வேலையாக இருந்தாலும், பகுதி நேரமாக இருந்தாலும், 'வேலையில்' என்ற கணக்கில் சேரும். பாலக்கோட்டிலிருந்து போன ஒரு அண்ணனிடம் போனில் பேசினேன். சர்வே வந்த நேரத்தில் அவர் ஒரு கிடங்கில் இரவு ஷிப்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாராம். "சம்பளத்துக்கு வேலை பார்க்கறேன்னு டிக் பண்ணேன். உண்மைதானே?" என்று சிரித்தார். ஆகவே பார்க்க வேண்டியது 'வேலையில்' என்ற எண்ணை அல்ல. பிரிட்டனின் தொழில் வகைப்பாட்டில் முதல் மூன்று பிரிவுகளில் வரும் மேலாளர், தொழில்முறை வல்லுநர், அவர்களுக்கு அடுத்த நிலை வேலைகளை 'உயர்திறன் வேலை' என்று தனியாகக் காட்டுவார்கள். அதைத்தான் பார்க்க வேண்டும்.

அதே படிப்புக்கு இன்னொரு பல்கலைக்கழகத்தையும் பார்த்து வைத்திருந்தேன். மாணவர்களுக்கு வேலை தேட உதவும் கேரியர்ஸ் டீம் இரண்டு இடத்திலும் உண்டு, இரண்டுக்கும் ஒரே மெயிலை அனுப்பினேன். இந்தப் படிப்பை முடித்த வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர், சர்வேக்குப் பதில் சொன்னவர்கள் எத்தனை பேர், அதில் உயர்திறன் வேலையில் எத்தனை பேர், அவர்களில் பிரிட்டனுக்குள் இருப்பவர்கள் எத்தனை பேர்.

நோட்டீஸ் அடித்த இடத்திலிருந்து பத்து நாள் கழித்து வந்த பதிலில் என் கேள்வி எதற்கும் பதில் இல்லை. அதே 95, கூடவே கம்பெனிகளின் சின்னங்கள் போட்ட ஒரு படம். இன்னொரு இடம், படிப்புவாரியாகத் தர எண்ணிக்கை போதாது என்று சொல்லி, பிசினஸ் ஸ்கூலின் முதுநிலை அளவில் தந்தது. இதை மறைப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தப் புள்ளிவிவரத்தை வெளியிடும்போது எண்ணிக்கையை ஐந்தின் மடங்குக்கு முழுமையாக்குவார்கள், சுமார் 23 பேராவது இல்லாவிட்டால் சதவீதம் போடமாட்டார்கள். சின்ன வகுப்பென்றால் கட்டம் காலியாகத்தான் இருக்கும்.

வந்த கணக்கு இது: முடித்த வெளிநாட்டவர் 120, பதில் சொன்னவர் 30, வேலையில் 25, உயர்திறன் வேலையில் 15, அதில் பிரிட்டனுக்குள் 10.

இதையே நோட்டீஸில் போட்டால் "83 சதவீதம் வேலையில்" என்று வரும். பதில் சொன்னவர்களில் உயர்திறன் வேலை என்றால் பாதி, பிரிட்டனிலேயே கிடைத்தது என்றால் மூன்றில் ஒருவர். மீதி 5 பேரில் பெங்களூருக்குத் திரும்பிப் பழைய கம்பெனியிலேயே சேர்ந்தவரும் இருக்கலாம். பதிலே சொல்லாத 90 பேரைப் பற்றி இந்தக் கணக்கு வாயைத் திறக்காது. நல்ல வேலை கிடைத்தவன் பதில் போட அதிகம் விரும்புவான் என்பது என் ஊகம், அதனால் அந்த 90 பேருக்கும் இதே விகிதத்தைப் பொருத்திப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அந்த 10 பேர் விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு, அது விசா விதிகளைப் படித்த பிறகுதான் உறைத்தது. ஏஜென்ட் "படிச்சு முடிச்சா ரெண்டு வருஷம் இருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு கிராஜுவேட் விசா 18 மாதம்தான். 2026 செப்டம்பரில் சேர்ந்து 2027-இல் முடிப்பவள் நான், எனவே எனக்கும் 18 மாதம்தான். சர்வே எடுப்பது 15-ஆம் மாதத்தில். அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் கம்பெனி, அவர்கள் பாஷையில் ஸ்பான்சர், இல்லாமலே வேலை பார்க்கும் காலத்திலேயே கணக்கெடுத்து முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு எத்தனை பேருக்குக் கம்பெனி ஸ்பான்சர் செய்தது, எத்தனை பேர் பெட்டியைக் கட்டினார்கள் என்பது இந்தப் புள்ளிவிவரத்துக்கு வெளியே இருக்கிறது. 2025 ஜூலை முதல், கம்பெனி ஸ்பான்சர் செய்து வாங்கும் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்குப் பொதுவான சம்பள வரம்பு வருடம் 41,700 பவுண்டு. கிராஜுவேட் விசாவிலிருந்து மாறுபவருக்குச் சலுகை வரம்பு 33,400. வேலையைப் பொறுத்து இன்னும் கூடலாம். அதனால் 'உயர்திறன் வேலை' என்றிருந்தாலும் சம்பளம் 28,000 என்றால் எனக்கு அது 18 மாத வேலைதான்.

அந்தச் சின்னங்கள் போட்ட படத்தையும் விடவில்லை. ஸ்பான்சர் உரிமம் உள்ள கம்பெனிகளின் பட்டியல் gov.uk தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, இறக்கி வைத்துத் தேடினேன். 14-இல் 11 பெயர் இருந்தது. முதலில் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் யோசித்தால், உரிமம் இருப்பதும் புதிதாகப் படித்து முடித்தவர்களை எடுப்பதும் வேறு வேறு. எந்த வருடம், எந்தப் படிப்பு முடித்தவர்கள் அங்கே போனார்கள் என்றும் படத்தில் இல்லை.

கேரியர்ஸ் டீம் நல்லதா என்று பார்க்க நான் எடுத்துக்கொண்டது நாள்காட்டியை. அங்கே பெரிய கம்பெனிகள் பட்டதாரிகளை எடுக்கும் திட்டங்கள் செப்டம்பர் வாக்கில் திறக்கும், பல நவம்பர், டிசம்பரிலேயே மூடிவிடும். ஒரு வருடப் படிப்புக்குப் போகிறவள் செப்டம்பர் கடைசியில் இறங்கி, வீடு தேடி, பேங்க் கணக்கு திறப்பதற்குள் பாதி போய்விடும். முதல் இடத்தின் நிகழ்ச்சிப் பட்டியலில் முதுநிலை மாணவர்களுக்கான சிவி பயிற்சி நவம்பர் நடுவில் இருந்தது. யாருக்கு உதவும் அது? இரண்டாவது இடத்தில், சேர்க்கை உறுதியானதுமே ஆகஸ்டிலிருந்து ஆன்லைனில் ஆலோசகரிடம் நேரம் வாங்கலாம், முடித்த பிறகும் மூன்று வருடம் உதவி உண்டு என்று எழுதினார்கள். பிசினஸ் ஸ்கூலுக்கென்று நான்கு ஆலோசகர்கள் இருப்பதையும், ஸ்பான்சர்ஷிப் பற்றித் தங்களால் உறுதி தர முடியாது என்பதையும் அவர்களாகவே சொன்னார்கள்.

இதையெல்லாம் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். 30-க்கும் 10-க்கும் மட்டும் வட்டம் போட்டார். "திரும்பி வந்துட்டா ஓசூர்ல என்ன சம்பளம் தருவாங்க?" என்றார். இப்போது வாங்குவதைவிடக் கொஞ்சம் கூட்டி ஒரு தொகை சொன்னேன். அந்தச் சம்பளத்தில் மாதத் தவணை கட்ட முடிகிற அளவுக்குத்தான் கடன் என்று முடிவானது. அந்த அளவுக்குள் முதல் இடத்தின் கட்டணம் வரவில்லை. இரண்டாவது இடம், கட்டணச் சலுகை போக, வந்தது. தோப்பில் பாதிக்குத்தான் பத்திரம் வைத்திருக்கிறோம்.

ஆகஸ்டில் ஆலோசகரிடம் கேட்க முதல் கேள்வியை எழுதி வைத்துவிட்டேன்: போன வருடம் இந்தப் படிப்பு முடித்தவர்களில் 33,400 பவுண்டுக்கு மேல் கொடுத்த கம்பெனிகள் எவை?