பார்வை கூடியது, காசு குறைந்தது

யூடியூபில் ஷார்ட்ஸ் என்ற குறுங்காணொளி செய்கிறவர்கள் கொழும்பில் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது: "போன மாதத்தைவிடப் பார்வை பத்து இலட்சம் கூட. ஆனால் காசு குறைஞ்சிட்டுது, என்ன காரணம்?" கணக்கைப் பிழையாகப் போட்டுவிட்டார்கள் என்று சந்தேகப்படுவது இயல்புதான். பெரும்பாலும் கணக்குச் சரியாகவே இருக்கும். பார்வை எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை நாம்தான் பார்ப்பதில்லை.

தொடக்கத்தில் இந்தக் காசு போனஸாக இருந்தது. யூடியூப் 2021இல் பத்துக் கோடி டொலர் ஒதுக்கி, தெரிவு செய்யப்பட்டவர்களுக்கு மாதம் 100 முதல் 10,000 டொலர் வரை கொடுத்தது. ஃபேஸ்புக்கின் ரீல்ஸ் போனஸும் அழைப்பு வந்தவர்களுக்கு மட்டும்தான். இந்த மாதம் கிடைத்தது அடுத்த மாதம் கிடைக்கும் என்று எவரும் நம்ப முடியாத முறை அது. 2023 பெப்ரவரி 1 முதல் யூடியூப் அதை விட்டு, விளம்பர வருமானத்தைப் பங்கிடத் தொடங்கியது. ஏற்ற இறக்கம் நிற்கவில்லை. ஆனால் இப்போது அதன் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

ஷார்ட்ஸ்களுக்கு இடையில் ஓடும் விளம்பரங்களின் காசு மாதாமாதம் சேர்க்கப்படுகிறது. அதில் இசை உரிமைக்குரிய பகுதி போக, மிச்சம் படைப்பாளர்களின் பொதுத் தொகை. ஒவ்வொரு நாட்டிலும் வருமானம் பெறத் தகுதியான ஷார்ட்ஸ்கள் பெற்ற மொத்தப் பார்வையில் உங்கள் பங்கு எவ்வளவோ, அந்த நாட்டுத் தொகையில் அவ்வளவு உங்களுக்கு ஒதுக்கப்படும். அதில் 45 சதவீதம் உங்கள் கைக்கு வரும். நீங்கள் பாட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் அந்த 45 மாறாது. பாட்டை எடுத்துவிட்டால் தங்கள் காசு இரட்டிப்பாகும் என்று பலர் நம்புவது இதனால்தான் பிழை.

இனி ஒரு கணக்கு. விளக்கத்துக்காக, கைக்கு வரும் காசு ஆயிரம் பார்வைக்குக் கனடாவில் 10 சதம், இலங்கையில் 2 சதம், இந்தியாவில் ஒன்றரைச் சதம் என்று வைத்துக்கொள்வோம், எல்லாம் அமெரிக்கச் சதம். மே மாதம் காலிமுகத்திடல் இறால் வடையைப் பற்றிய ஒரு காணொளி ஓடுகிறது. ஊர் நினைவில் ரொறன்ரோக்காரர் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். கனடாவில் 4 இலட்சம், இலங்கையில் 6 இலட்சம், இந்தியாவில் 10 இலட்சம். வருவது 40 + 12 + 15, மொத்தம் 67 டொலர். ஜூனில் ஒரு நகைச்சுவைத் துண்டு தமிழ்நாட்டில் பிடித்துக்கொள்கிறது. கனடா 1 இலட்சம், இலங்கை 5 இலட்சம், இந்தியா 24 இலட்சம். வருவது 10 + 10 + 36, அதாவது 56 டொலர். பார்வை 20 இலட்சத்திலிருந்து 30 இலட்சமாகிவிட்டது, காசோ 11 டொலர் இறங்கிவிட்டது.

வங்கிக் கணக்கில் இந்த ஆட்டம் இன்னும் பெரிதாகத் தெரியும். யூடியூப் காசு முதலில் சேரும் AdSense கணக்கில் 100 டொலர் சேராமல் வங்கிக்குக் காசு அனுப்பப்படாது. மே மாதத்தின் 67 டொலர் ஜூன் நடுப்பகுதிக்குள் உறுதியாகி அங்கேயே கிடக்கும். ஜூனின் 56 டொலர் ஜூலையில் வந்து சேர்ந்த பிறகே 100ஐத் தாண்டி, 21ஆம் திகதிக்குப் பின் 123 டொலராகப் புறப்படும். வங்கிக் கட்டணம் போக மிச்சம்தான் கைக்கு. ஒரு மாதம் வெறுமை, அடுத்த மாதம் இரண்டு மாதக் காசு. இதை வளர்ச்சி என்று நினைத்துத் தவணைக்குக் கமரா எடுத்துவிடக் கூடாது.

இன்னொரு குழப்பம் 2025 மார்ச் 31இல் வந்தது. அன்றிலிருந்து காணொளி ஓடத் தொடங்கினாலே, மறுபடி ஓடினாலே ஒரு பார்வையாக எண்ணப்படுகிறது. எண்ணிக்கை திடீரென்று உயர்ந்தது. ஆனால் காசு இன்றும் பழைய கணக்கில், அதாவது யூடியூப் ஸ்டூடியோவில் Engaged views என்று காட்டும் எண்ணிக்கையில்தான். வெளியே தெரியும் பார்வையை வைத்து எதிர்பார்ப்பை வளர்த்தால் ஏமாற்றம்தான் மிச்சம்.

ஆகவே காசு இறங்கியதும் முதலில் செய்ய வேண்டியது இது. ஸ்டூடியோவின் Analytics பகுதியில் Advanced mode திறந்து, Geography தெரிவு செய்து, இரண்டு மாதங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாடுகளின் பங்கு மாறியிருந்தால் காரணம் அதுதான். பங்கு மாறாமல் எல்லா நாட்டிலும் ஒன்றாக இறங்கியிருந்தால், மாதம் ஜனவரியா என்று கவனியுங்கள். நத்தார் விற்பனைக்காக டிசம்பர் வரை கொட்டிய விளம்பரக்காரர்கள் புத்தாண்டு பிறந்ததும் கையைச் சுருக்கிக்கொள்வார்கள். ஒரே ஒரு காணொளியில் மட்டும் பார்வை இருந்தும் காசு இல்லையென்றால், அதில் பிறருடைய துண்டை மாற்றமின்றிப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படியான பார்வை பங்கீட்டுக் கணக்கில் சேராது.