முகத்தில் ஜன்னல் வெளிச்சம்: ஒருமுறை தோற்ற செய்முறைத் தேர்விலிருந்து

கல்யாண ஆல்பம் செய்யும் ஒரு நிறுவனத்தில் ரீடச்சிங் வேலைக்கான செய்முறைத் தேர்வு அது. மூன்று மணி நேரம், ஒரே ஒரு படம். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள். மாநிறம், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, இரண்டு பக்கமும் கல் மூக்குத்தி. கேமராவின் மேலேயே பொருத்திய ஃபிளாஷில் நேருக்கு நேர் எடுத்தது. இடப்பக்கம் ஒரு ஜன்னல் இருப்பதுபோல முகத்தின் ஒளியை மாற்றித் தர வேண்டும். நான் முகத்தின் இடப்பாதியை வெளுப்பாக்கி, வலப்பாதியைக் கறுப்பாக்கி, நடுவில் மென்மையான பிரஷால் தேய்த்துக் கொடுத்தேன். பார்த்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “ஜன்னல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, தம்பி?”

என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாமலேயே இரண்டு மணி நேரம் வரைந்திருந்தேன்.

அடுத்த தேர்வுக்கு நான்கு மாதம் இருந்தது. லேயர், மாஸ்க் இவையெல்லாம் தெரிந்தும் இதே இடத்தில் தடுமாறுகிறவர்களுக்காக, அந்த நான்கு மாதத்தில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்த நல்ல காரியம், ஃபோட்டோஷாப்பை மூடிவிட்டு என் பெரியம்மாவை ஜன்னலுக்கு அருகில் உட்கார வைத்துப் படம் எடுத்தது. காலை பத்து மணி, நேர்வெயில் விழாத ஜன்னல், அவரிடமிருந்து சுமார் மூன்று அடி தூரம். அந்தப் படத்தைத் திறந்து, Info பேனலை Lab அளவுக்கு மாற்றி, ஐட்ராப்பரின் மாதிரி அளவை 11 by 11 Average என்று வைத்து, முகத்தில் அங்கங்கே தொட்டுப் பார்த்தேன். L என்பது வெளிச்சத்தின் அளவு. 0 கறுப்பு, 100 வெள்ளை. ஜன்னல் பக்கக் கன்னம் 62, நடு நெற்றி 55, மறுபக்கக் கன்னம் 34, தாடைக்குக் கீழே 21. தேர்வுப் படம் என் நினைவில் இருந்தது. அதே மாதிரி ஃபிளாஷ் படம் ஒன்றை எடுத்து அளந்தால் இரண்டு கன்னமும் 57, 58. நெற்றியில் எண்ணெய்ப் பளபளப்பு மட்டும் 80ஐத் தாண்டியது.

இந்த இரண்டு வரிசை எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோதுதான் என் தவறு புரிந்தது. ஜன்னல் பக்கக் கன்னம் 57லிருந்து 62க்குத்தான் ஏறியிருக்கிறது. வேலை முழுவதும் மறுபக்கத்திலும் கழுத்திலும் நடந்திருக்கிறது. நானோ வெளிச்சத்தைச் சேர்ப்பதிலேயே குறியாக இருந்தேன். ஃபிளாஷ் படத்தில் வெளிச்சம் ஏற்கெனவே முகம் முழுக்க இருக்கிறது. அதை எடுத்துவிட்டு அறையை இருட்டாக்கிய பிறகுதான் ஜன்னலைத் திறக்க முடியும்.

ஆகவே இப்போது நான் செய்யும் வரிசை இது. படத்தை 16 பிட்டுக்கு மாற்றிக்கொள்கிறேன்; இல்லையென்றால் சுவரிலும் கன்னத்திலும் மெதுவாக மாறும் நிழல், படிப்படியாகக் கோடு விழுந்து தெரியும். பிறகு கேன்வாஸை இடப்பக்கம் நீட்டி, அந்த வெற்றிடத்தில் ஒரு சிவப்புச் சதுரம் வரைகிறேன். அதுதான் ஜன்னல். கீழ்விளிம்பு அந்த அம்மாளின் தோளுக்கு நேராக, மேல்விளிம்பு தலைக்கு ஓரடி மேலே. முகத்துக்குச் சரியாகப் பக்கவாட்டில் இல்லாமல் கொஞ்சம் முன்னால். இதைத் தீர்மானித்துவிட்டால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாக வந்துவிடும். வெளிச்சம் சற்று மேலிருந்து வருகிறது, எனவே கன்னத்தின் கீழ்ப்பகுதியும் கழுத்தும் மங்க வேண்டும். ஜன்னல் கொஞ்சம் முன்னால் இருப்பதால் மூக்கைத் தாண்டி மறுபக்கக் கண்ணுக்குக் கீழே ஒரு சிறு முக்கோணமாக வெளிச்சம் விழும். ரெம்பிராண்ட் ஓவியங்களில் பார்க்கும் அதே முக்கோணம். ஜன்னல் நேர்ப்பக்கவாட்டில் இருந்தால் அந்த முக்கோணம் கிடையாது, மூக்கின் முதுகுக் கோட்டோடு வெளிச்சம் நின்றுவிடும். முன்பு நான் முக்கோணத்தையும் வைத்து, மறுபக்கக் காதையும் பளிச்சென்று விட்டிருந்தேன். இரண்டு ஜன்னல் இருந்தால்தான் அப்படி விழும்.

அடுத்தது அறையை இருட்டாக்குவது. ஒரு Curves லேயர். நடுப்புள்ளியைப் பிடித்து Input 128, Output 90 என்று இறக்குகிறேன். மாஸ்க் எதுவும் வேண்டாம், முழுப் படமும் இறங்கட்டும். கன்னங்கள் 40ஐ ஒட்டி வந்து நிற்கும். அதன் மேல் இன்னொரு Curves லேயர், 128ஐ 175க்கு ஏற்றி, அதன் மாஸ்க்கைக் கறுப்பால் நிரப்புகிறேன். இதுதான் ஜன்னல் லேயர். வெள்ளை பிரஷ், Hardness 0, Flow 4 சதவீதம். Flow குறைவாக இருந்தால்தான் ஒரே இடத்தில் பலமுறை தடவி வெளிச்சத்தைக் கட்ட முடியும். 20 வைத்தால் முதல் தடவலிலேயே பிரஷின் வட்டம் தெரிந்துவிடும்.

பிரஷின் அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடுத்தர நிலையில் எல்லோரும் சறுக்குவது இங்கேதான். சின்ன பிரஷை எடுத்துக் கன்ன எலும்பு, மூக்கு, புருவம் என்று தனித்தனியாக வரைய ஆரம்பித்தால் முகம் மேக்கப் போட்டதுபோல ஆகிவிடும், ஒளி வந்ததுபோல ஆகாது. நான் முகத்தின் அகலத்துக்குச் சமமான பிரஷில் ஆரம்பிக்கிறேன். அதன் மையத்தை முகத்தின் மேல்கூட வைப்பதில்லை. காதுக்கு வெளியே, ஜன்னல் பக்கமாக வைத்து, பிரஷின் ஓரம் மட்டும் கன்னத்தைத் தொடும்படி மேலும் கீழும் இழுக்கிறேன். ஜன்னலுக்கு அருகில் அதிகமாகவும் தூரத்தில் குறைவாகவும் வெளிச்சம் தேய்வது இதிலேயே கிடைத்துவிடும். கழுத்துக்கும் இடத்தோளுக்கும் அதே பிரஷ், அதே நேரத்தில். பிறகுதான் கன்னத்தின் அகலத்துக்கு ஒரு பிரஷ்: நெற்றியின் இடப்பக்கம், கன்ன மேடு, தாடை நுனி, அந்த முக்கோணம். கடைசியாக மூக்கின் மடல் அளவுக்கு ஒன்று. அதில் ஐந்தாறு தடவலுக்கு மேல் வேலை இருக்காது.

நிழல் பக்கத்துக்கு மூன்றாவதாக ஒரு Curves லேயர். கன்னம் உருண்டு திரும்பும் இடத்தில் நிழல் மெதுவாகப் பரவும், அங்கே மென்மையான பிரஷ் சரி. ஆனால் மூக்கு மறுபக்கக் கன்னத்தின் மேல் போடும் நிழல் அப்படியல்ல. மூக்கை ஒட்டிய இடத்தில் அதன் விளிம்பு தெளிவாக இருக்கும், விலக விலகத்தான் கலையும். எல்லா இடத்திலும் ஒரே மென்மை என்றால் முகத்தில் புகை படிந்த மாதிரி இருக்கும். அதனால் மூக்கின் ஓரத்தை லாசோவால் தேர்ந்தெடுத்து, Feather 4 பிக்சல் கொடுத்து, தேர்ந்தெடுத்த அந்த இடத்துக்குள் பிரஷைத் தடவுகிறேன். இந்த 4 என்ற எண் படத்தின் அளவைப் பொறுத்தது. முகம் ஆயிரம் பிக்சல் அகலம் இருக்கும் படத்துக்கு இது சரியாக வருகிறது.

இந்த நேரத்தில் நிறம் கெட்டிருக்கும். இருட்டாக்கிய பக்கம் செங்கல் நிறத்துக்குப் போயிருக்கும், வெளிச்சம் போட்ட பக்கம் சாம்பல் பூசியதுபோல வெளுத்திருக்கும். நம் ஊர்த் தோல் நிறத்தில் இது கண்ணில் உறுத்தும். காரணம் எளிது: Curves சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே வளைக்கிறது, கீழே வளைத்தால் அவற்றின் இடைவெளி கூடுகிறது, மேலே வளைத்தால் குறைகிறது. மூன்று லேயரையும் Luminosity கலப்புக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதன் பிறகும் நிழல் சிவந்திருந்தால் அங்கே மட்டும் செறிவைக் கொஞ்சம் குறைக்கிறேன்.

இனி காட்டிக்கொடுக்கும் சின்ன விஷயங்கள். ஃபிளாஷ் கண்மணியின் நடுவில் ஓர் ஊசிப்புள்ளி வைத்திருக்கும். அது இருக்கும்வரை மற்ற உழைப்பெல்லாம் வீண். இரண்டு கண்ணிலும் அதை அழித்துவிட்டு, ஜன்னல் பக்கத்து மேல்மூலையில் சிறிய கட்டமாக வரைய வேண்டும். இரண்டு கண்ணிலும் அநேகமாக ஒரே இடத்தில்; முழு வெள்ளை வேண்டாம், நிழல் பக்கக் கண்ணில் இன்னும் மங்கலாக. அந்தக் கண்ணின் வெள்ளைவிழியையும் இறக்க மறக்கக் கூடாது. நான் மறந்தபோது இருட்டிலிருந்து ஒரு கண் மட்டும் முறைத்துக்கொண்டிருந்தது. பின்சுவரில் தலையை ஒட்டி ஃபிளாஷ் போட்ட கறுப்பு ஓரம் இருக்கும், அதையும் எடுக்க வேண்டும். மூக்குத்தி தனிக் கதை. நிழல் பக்க மூக்குத்தியின் கல் ஃபிளாஷில் வெடித்து மின்னிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம் அங்கே எட்டவே எட்டாது. முதல் தேர்வில் என்னைக் கவிழ்த்ததில் அந்தக் கல்லுக்கும் பங்கு உண்டு.

எல்லாப் படத்திலும் இது நடக்காது. நெற்றியின் பளபளப்பில் மூன்று நிறமும் 255ஐத் தொட்டிருந்தால் அங்கே இறக்குவதற்குத் தோலே இல்லை. எவ்வளவு இருட்டாக்கினாலும் சாம்பல் நிறத் தகடுதான் வரும். ரா கோப்பு இருந்தால் முதலில் அங்கே போய் மீட்க முடியுமா என்று பார்ப்பேன். இல்லையென்றால் முகத்தின் வேறு இடத்திலிருந்து தோலின் தன்மையை எடுத்து ஒட்ட வேண்டும். அதேபோல வலப்பக்கம் கடும் வெயில் விழுந்த முகத்துக்கு இடப்பக்க ஜன்னல் கேட்டால் நான் ஒப்புக்கொள்வதில்லை.

சரிபார்க்க இரண்டு வழி வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு நிரப்பிய ஒரு லேயரை Color கலப்பில் வைத்தால் படம் கறுப்பு வெள்ளையாகும். திட்டுத்திட்டாக விட்டுப்போன இடங்கள் உடனே தெரியும். இன்னொன்று, படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பது. அந்த அளவிலும் ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் பெரிய பிரஷின் வேலை சரி. தெரியாவிட்டால் சின்ன பிரஷை எடுத்து ஒட்டுப்போடுவதில் பயனில்லை, முதல் தடவலுக்கே திரும்ப வேண்டும். கடைசியில் மூன்று லேயரையும் ஒரு குழுவாக்கி அதன் ஒபாசிட்டியை 75 அளவுக்கு இறக்குகிறேன். நாள் முழுக்க ஒரே முகத்தைப் பார்த்த கண் எப்போதும் கூடுதலாகத்தான் போட்டிருக்கும்.

இரண்டாம் தேர்வில் வேறு படம், அதே கேள்வி, பார்த்தவரும் அதே ஆள். முதல் இருபது நிமிடம் நான் பிரஷைத் தொடவே இல்லை, ஜன்னலை எங்கே வைப்பது என்று சதுரத்தை நகர்த்திக்கொண்டிருந்தேன். முடித்த அவசரத்தில் அந்தச் சிவப்புச் சதுர லேயரை அழிக்காமல் மறைத்து மட்டும் வைத்துவிட்டேன். அவர் லேயர்களை ஒவ்வொன்றாக அணைத்து எரியவிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவர், அதையும் எரியவிட்டார். சதுரத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். உயரத்தைப் பற்றி இந்தமுறை கேட்கவில்லை. வலப்பக்கக் காதைப் பெரிதாக்கி, “இது இன்னும் ஃபிளாஷிலேயே இருக்கிறதே” என்றார். உண்மைதான், மறந்திருந்தேன். வேலை கிடைத்துவிட்டது.