மஞ்சள் புள்ளி ஒருவழியாக வசத்துக்கு வந்தது

தாள் குரோமட்டோகிராஃபியில் ஓட்டிய ஒரே பட்டை, ஒரே மஞ்சள் புள்ளி. ஆனால் புள்ளி ஏறிய தூரத்தைக் கரைப்பான் ஏறிய தூரத்தால் வகுத்து வரும் ஆர்.எஃப்., ஒரு போட்டோவில் 0.76, இன்னொரு போட்டோவில் 0.78. நேற்று ராத்திரிதான் இதற்கு முடிவு கட்டினேன்.

சரக்கு, ஈரோட்டு மளிகைக் கடையில் வாங்கிய பச்சை ஃபுட் கலர். அதில் டார்ட்ரசின் மஞ்சளும் பிரில்லியன்ட் புளூவும் இருப்பதாக டப்பாவிலேயே போட்டிருக்கிறது. வாட்மேன் நம்பர் 1 தாள், 0.1 சதவீத உப்புத் தண்ணீர். கரைப்பான் 80 மி.மீ. பென்சில் கோட்டைத் தொட்டதுமே பட்டையை எடுத்துவிட்டேன். தாள் காய்ந்தபின் ஈரம் எதுவரை ஏறியது என்று தேட வேண்டியதில்லை.

ஆர்.எஃப். வெறும் விகிதம்தானே, பிக்சலை மி.மீ.க்கு மாற்ற வேண்டாம், எப்படி எடுத்தாலும் சரிதான் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். போனை நேர் மேலே பிடித்தால் அது உண்மை. கொஞ்சம் சாய்ந்தாலும், போனுக்குக் கிட்டத்தில் இருக்கும் பாதி நீண்டு, தூரத்துப் பாதி சுருங்கிவிடும். அப்போது விகிதமும் கெடும். கண்ணுக்கு இது தெரியவே தெரியாது.

அதனால்தான் 40 மி.மீ.யிலும் ஓரத்தில் ஒரு கோடு போட்டு வைத்தேன். சாய்ந்த படத்தில், சாயப் பொட்டு வைத்த அடிக்கோட்டிலிருந்து நடுக்கோடு வரை 1150 பிக்சல், அதற்கு மேல் 1050. சரிபாதியில் இருக்கும் கோடே 0.52 என்று காட்டினால் மஞ்சளை எப்படி நம்புவது? நேராக எடுத்த படத்தில் இரண்டு பாதியும் 1200. பட்டையின் நடுப்பகுதியில் நிற்கும் புள்ளிதான் அதிகம் அடிபடும். உச்சியை ஒட்டிய நீலம் 0.01கூட நகரவில்லை.

அடுத்த தொல்லை, வெளிறிய மஞ்சளின் நடுவைக் கண்டுபிடிப்பது. படத்தை அளக்கும் மென்பொருளான ImageJ-யில் Image > Color > Split Channels கொடுத்தால் படம் மூன்றாகப் பிரியும். மஞ்சள் சாயம் நீல ஒளியை விழுங்குவதால் blue படத்தில் கருப்பாக விழுகிறது. நீலத்துக்கு red படம். அடிக்கோட்டிலிருந்து மேல்கோடு வரை அகலமான ஒரு கோடு இழுத்து Ctrl+K அழுத்தினால் வரைபடம் வரும். அதில் பள்ளத்தின் அடிதான் புள்ளியின் மையம். வால் விட்ட புள்ளிக்கு இரு ஓரங்களுக்கும் நடுவை எடுத்தால் மதிப்பு குறைந்துபோகும். ஆழமான இடத்தைத்தான் எடுக்க வேண்டும்.

```
மஞ்சள்: 1824 / 2400 = 0.76
நீலம்: 2208 / 2400 = 0.92
```

இந்த எண்களை வேறு தாளில், வேறு கரைப்பானில் ஓடியதோடு ஒப்பிட முடியாது. தனி டார்ட்ரசினைப் பக்கத்திலேயே ஓட்டிப் பார்க்கும் வேலை பாக்கி இருக்கிறது. கோயமுத்தூர் லேப் கடையில் வட்டத் தாளாகவே தருகிறார்கள். நீளப் பட்டைக்கு 46 × 57 செ.மீ. ஷீட்டாகக் கேட்டு வாங்குங்க.

இதற்கு நடுவே திருப்பூர் சாயப்பட்டறையில் இருக்கும் மச்சான், ரியாக்டிவ் பச்சைச் சாயம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். சோடா போடாத கரைசலாகத்தான் கேட்டு வாங்கினேன். தாளும் பருத்திதானே, சோடா சேர்ந்தால் சாயம் அடிக்கோட்டிலேயே பிடித்துக்கொள்ளும்.