கோடு படுத்துவிட்டது

மலேசியாவின் பேராக்கில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிறு பட்டணம் அது. அங்குள்ள கிளினிக் டேசாவில் நான் சமூகத் தாதி. ஊரில் என்னை மிஸ்ஸி என்பார்கள்.

பதினெட்டாம் மாதப் பரிசோதனைக்கு ஒரு பெண் குழந்தையைப் பாட்டி தூக்கிக்கொண்டு வந்தார். தாய் தொழிற்சாலையில் பகல் வேலைக்குப் போயிருந்தாள். சட்டையையும் பேம்பர்ஸையும் கழற்றி, தராசு பூஜ்யம் காட்டுவதைப் பார்த்துவிட்டுக் குழந்தையை வைத்தேன். 8.6 கிலோ. பதிவுப் புத்தகத்தைத் திறந்தால் பதினைந்தாம் மாதம் 8.9 என்று இருந்தது, அதுவும் என் கையெழுத்தில். மூன்று மாதத்தில் முன்னூறு கிராம் குறைந்துவிட்டதா? மறுபடி நிறுத்தேன். அதே 8.6.

"போன தடவை மழை மிஸ்ஸி. கம்பளிச் சட்டையோடுதான் நிறுத்தீர்கள். பேம்பர்ஸும் நனைந்திருந்தது" என்றார் பாட்டி. எனக்கு நினைவில்லை, ஆனால் அன்று நீண்ட வரிசை இருந்திருக்கும். நனைந்த பேம்பர்ஸும் தடித்த சட்டையும் முன்னூறு, நானூறு கிராம் காட்டிவிடும். அந்த ஒரு புள்ளிதான் மூன்று மாதமாக என் கண்ணை மறைத்திருந்தது. பழைய புள்ளியை அழிக்கக் கூடாது. அதன் பக்கத்தில் 'உடையுடன் நிறுத்தது, நம்ப வேண்டாம்' என்று எழுதித் தேதியும் கையெழுத்தும் போட்டேன்.

அதை விட்டுவிட்டு மற்றப் புள்ளிகளை இணைத்தேன். ஒன்பது மாதத்தில் 8.0, பன்னிரண்டில் 8.4, பதினெட்டில் 8.6. உலகச் சுகாதார நிறுவன வரைபடத்தில் ஒன்பது மாதப் பெண் குழந்தையின் நடுக்கோடு 8.2, பதினெட்டு மாதத்தில் 10.2. அதாவது சுமார் இரண்டு கிலோ ஏற வேண்டிய காலத்தில் இவள் அறுநூறு கிராம்தான் ஏறியிருக்கிறாள். ஆனாலும் பதினெட்டு மாதத்துக்கு எடைக்குறைவு என்று வகைப்படுத்தும் கோடு 8.1. அதற்கு மேலே இருப்பதால் அட்டவணைப்படி இவள் 'சாதாரணம்'. புள்ளியை மட்டும் பார்ப்பவர் அனுப்பிவிடுவார். கோட்டைப் பார்ப்பவருக்கு அது படுத்துவிட்டது தெரியும். எடைக்குறைவு என்று பதிவாகாததால் உணவுக்கூடை உதவிக்கும் இவள் பெயரை எழுத முடியவில்லை. அந்த விதியோடு எனக்கு நீண்ட நாள் வருத்தம் உண்டு.

பலகையில் படுக்கவைத்து நீளம் எடுத்தோம். பாட்டி தலையைப் பிடிக்க, நான் முழங்காலை அழுத்திப் பாதத்தை நேராக்கினேன். 79 செ.மீ., வயதுக்குச் சரியான நீளம். நீளம் சரியாக இருந்து எடை மட்டும் தேங்கினால், கோளாறு அண்மையில் தொடங்கியது என்று ஊகிக்கலாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நெடுநாள் இருமல், வீட்டில் காசநோய் உள்ளவர் என ஒவ்வொன்றாகக் கேட்டேன். எதுவும் இல்லை.

பிறகு நேற்றுக் காலை முதல் இன்று காலை வரை குழந்தை உண்டதைச் சொல்லச் சொன்னேன். 'என்ன கொடுக்கிறீர்கள்' என்று பொதுவாகக் கேட்டால், 'எல்லாம்தான்' என்ற பதில்தான் வரும். காலை ஒரு புட்டி, பத்து மணிக்கு ஒரு புட்டி என்று அவர் விரல்விட்டு எண்ணியதில் இரவோடு ஆறு புட்டி ஆயிற்று. நடுவே ரசம் ஊற்றிய சோறு நாலு வாய், தேநீரில் நனைத்த பிஸ்கட் இரண்டு. மாவுப் பால் விலை கட்டுப்படியாகாமல், ஒரு வயதுக்குப் பிறகு இனிப்பு டின் பாலைத் தண்ணீரில் கரைத்திருக்கிறார். அதில் சர்க்கரைதான் அதிகம், குழந்தைக்கு வேண்டிய புரதம் போதாது. புட்டி நிறைந்த வயிற்றில் சோற்றுக்கும் இடமில்லை. தேநீர் வேறு இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

பாட்டியின் முகம் வாடிவிட்டது. அவரைக் குற்றவாளியாக்கினால் அடுத்த மாதம் வரவே மாட்டார். "நீங்கள் பசியோடு விடவில்லை பாட்டி, வயிறு நிறைகிறது, அதில் சத்துதான் இல்லை" என்றேன்.

புத்தகத்தில் மலாயில் குறிப்பு எழுதினேன். பாட்டி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர் என்பதால் அவருக்கு ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்:

'டின் பாலும் தேநீரும் வேண்டாம். சாதாரணப் பால் நாளைக்கு இரண்டு கப், சோற்றுக்குப் பிறகு, கோப்பையில். சாப்பாடு மூன்று வேளை, நடுவே இரண்டு முறை. ரசத்துக்குப் பதில் கெட்டிப் பருப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய். தினம் ஒரு முட்டை அல்லது அரைத்த நெத்திலி.'

நெத்திலியைக் கழுவி உப்பை நீக்கச் சொல்லிக் கொடுத்தேன். இரத்தப் பரிசோதனைக்காகப் பட்டணத்துச் சுகாதார நிலைய மருத்துவருக்குக் கடிதமும் எழுதினேன். ஹீமோகுளோபின் 9.8 வந்தது. இரும்புச்சத்து மருந்து தொடங்கினார்கள்.

அடுத்த மாதம், உடையின்றி, 8.9. முன்னூறு கிராம். அதற்கடுத்த மாதம் சளி பிடித்து 9.0. முட்டை தினமும் போகிறதாம். இரவுப் புட்டி மட்டும் இன்னும் நிற்கவில்லை. அதைப் பாட்டி சொல்லவில்லை, முதல்முறையாகக் கூட வந்திருந்த தாய்தான் சொன்னாள். 'இரவில் புட்டியில் தண்ணீர் மட்டும்' என்று தாளின் அடியில் சேர்த்துவிட்டு, அடுத்த தேதியைத் தாயின் விடுமுறை நாளாகப் பார்த்துக் குறித்தேன்.