7 நிமிடத்துக்குள் 1500 மீட்டர்: மெட்ரோனோம் பீட்டை உங்கள் காலுக்கு ஏற்றபடி வைப்பது எப்படி?

சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் நல்ல மார்க் எடுத்தவர்கள்கூட இதில் வெளியேறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்கு ஓடத் தெம்பு இருக்கும். முதல் 300 மீட்டரைக் கூட்டத்தோடு சேர்ந்து பாய்ந்துவிட்டு, கடைசி இரண்டு ரவுண்டில் காலைத் தூக்க முடியாமல் நின்றுவிடுவார்கள். ஒரே வேகத்தில் ஓடும் பழக்கம் இல்லாததுதான் காரணம். எனக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது, சீராக டிக் டிக் என்று ஒலிக்கும், போனில் இருக்கும் சாதாரண மெட்ரோனோம் ஆப். ஆனால் நிமிடத்துக்கு எத்தனை டிக், அதாவது பீட், வைப்பது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். "180 வை, எல்லாரும் அதான் வைக்கிறாங்க" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உயரம், கால் நீளம், இடுப்பின் வலு எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு.

முதலில் வேகம். 7 நிமிடத்தைக் குறி வைக்காமல் 6 நிமிடம் 40 விநாடியைக் குறி வையுங்கள். தேர்வன்று தள்ளுமுள்ளு, மண்தரை, பதற்றம் ஆகியவற்றுக்கு அந்த 20 விநாடி தேவைப்படும். 6:40 என்பது 400 விநாடி. அதாவது நிமிடத்துக்கு 225 மீட்டர். 100 மீட்டருக்கு ஏறக்குறைய 26.7 விநாடி, 400 மீட்டர் ரவுண்டுக்கு 106.7 விநாடி.

அடுத்து காலடி நீளம். இதை நடந்தோ மெதுவாக ஜாகிங் போயோ அளந்தால் பயனில்லை. வேகம் கூடும்போது காலடியும் நீளும். ஜாகிங்கில் 90 செ.மீ. வைப்பவர் தேர்வு வேகத்தில் 1.25 மீட்டருக்கு மேல் வைக்கலாம். ஜாகிங் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் பீட் 250 என்று வரும். யாராலும் அப்படி ஓட முடியாது. இப்படி விநோதமான எண் வந்தாலே அளந்த விதம் தப்பு என்று தெரிந்துகொள்ளலாம்.

சரியாக அளக்க மைதானத்தில் 100 மீட்டருக்கு இரண்டு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நன்றாக வார்ம்-அப் செய்து, ஒரு ரவுண்டு ஓடி, கால் கொஞ்சம் களைத்த பிறகு அளப்பது நல்லது. தொடக்கக் கோட்டுக்கு 30 மீட்டர் முன்னாலிருந்தே ஓடி வந்து, தேர்வு வேகத்தில் கோட்டைக் கடக்க வேண்டும். வலது கால் தரையைத் தொடுவதை மட்டும் எண்ணுங்கள். நண்பர் ஒருவர் ஸ்டாப்வாட்ச்சில் நேரம் பார்க்கட்டும். 26-லிருந்து 27.5 விநாடிக்குள் வந்த ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 24-ல் வந்தால் அது வேறு வேகம், அந்த எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். இப்படி மூன்று ஓட்டம் கிடைத்ததும் சராசரி எடுங்கள்.

எங்கள் மைதானத்துக்கு வரும் தம்பி ஒருவரின் கணக்கைச் சொல்கிறேன். அவருக்கு வலது கால் 39 முறை பட்டது. இரண்டு காலும் சேர்த்து 78 காலடி. 100-ஐ 78-ஆல் வகுத்தால் 1.28 மீட்டர்.

```
பீட் = வேகம் ÷ காலடி நீளம்
     = 225 ÷ 1.28
     = 175.8  →  176
```

ஆப்பில் 176 வைத்தால் ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு கால் தரையில் பட வேண்டும். அவ்வளவு வேகமான டிக் எரிச்சலாக இருந்தால் 88 வைத்து, வலது காலை மட்டும் அதோடு சேருங்கள். இரண்டும் ஒரே வேகம்தான். சிலர் 88 வைத்துவிட்டு இரண்டு காலுக்கும் டிக் என்று நினைத்து நடை வேகத்துக்கு வந்துவிடுகிறார்கள், அதைக் கவனியுங்கள். ப்ளூடூத் இயர்போனில் சத்தம் சற்றுத் தாமதமாக வரும். எல்லா டிக்கும் அதே அளவு தாமதிப்பதால் வேகம் மாறாது.

இனிதான் முக்கியமான விஷயம். மெட்ரோனோம் உங்கள் கால் எத்தனை முறை விழ வேண்டும் என்பதை மட்டுமே சொல்லும். எவ்வளவு தூரம் தள்ளி விழுகிறது என்பது அதற்குத் தெரியாது. களைப்பு ஏற ஏற, டிக் தவறாமல் ஓடிக்கொண்டே காலடி சுருங்கும். ஓடுபவருக்கு எல்லாம் சரியாகப் போவதாகத்தான் தோன்றும். அந்தத் தம்பிக்கும் இதுதான் நடந்தது. இரண்டாவது ரவுண்டு 107 விநாடி, மூன்றாவது 109, கடைசி ரவுண்டு 111. டிக்கை ஒருமுறைகூட விடவில்லை. "அண்ணா, பீட்டுலதானே ஓடுனேன், எப்படி லேட்டாச்சு?" என்று கேட்டார். 111 விநாடியில் 176 பீட் என்றால் ஏறக்குறைய 326 காலடி. 400-ஐ அதால் வகுத்தால் 1.23 மீட்டர். ஒரு காலடிக்கு 5 செ.மீ. போய்விட்டது. கண்ணுக்கே தெரியாத அளவு, ஆனால் ஒரு ரவுண்டுக்கு 4 விநாடிக்கு மேல் இழப்பு.

அதனால் பீட்டோடு ஓடும்போதும் ரவுண்டு நேரத்தைக் கட்டாயம் எழுதி வையுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் காலடியை மறுபடி எண்ணத் தேவையில்லை:

```
புதிய பீட் = பழைய பீட் × வந்த நேரம் ÷ வர வேண்டிய நேரம்
```

எல்லா ரவுண்டும் சீராக 109 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 176 × 109 ÷ 106.7 என்பது 180. ஆனால் ஒரே நாளில் 176-லிருந்து 180-க்குத் தாவாதீர்கள். பீட்டை ஏற்றினால் கால் தானாகவே குட்டையாக விழப் பார்க்கும். ஏற்றிய லாபம் அதில் போய்விடும். இரண்டு ஏற்றி, சில நாள் ஓடி, ரவுண்டு நேரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த இரண்டை ஏற்றுங்கள். இந்த வேகத்தில் ஒரு பீட் என்பது 1500 மீட்டருக்கு ஏறக்குறைய 2 விநாடி. பீட் ஏற்றியும் நேரம் குறையவில்லை என்றால் குறை பீட்டில் இல்லை. மேட்டில் ஓடுவது, தொடைக்கும் பின்னங்காலுக்கும் வலு கூட்டுவது ஆகியவைதான் வழி. காலை வேண்டுமென்றே முன்னால் நீட்டிப் போட்டுக் காலடியை நீளமாக்காதீர்கள். குதிகால் உடம்புக்கு வெகு முன்னால் விழுந்து பிரேக் போட்டதுபோல் ஆகும், முழங்காலும் வலிக்கும். பின்காலால் தரையைத் தள்ளும் வலுவில்தான் நீளம் வர வேண்டும்.

முதல் ரவுண்டு மட்டும் சரியாக வந்து கடைசி ரவுண்டுகள் இழுத்தால் பீட்டைத் தொடாதீர்கள், அதற்குத் தேவை நீண்ட தூர ஓட்டப் பயிற்சி.

மைதானத்தின் அளவையும் சரிபாருங்கள். 400 மீட்டர் என்பது உள் பக்க முதல் லேனுக்குத்தான். இரண்டாவது லேனில் ஓடினால் ஒரு ரவுண்டுக்கு 7 மீட்டர் கூடுதல், அதாவது ஏறக்குறைய 2 விநாடி. கணக்கு இடிப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

தேர்வுக் களத்தில் காதில் டிக் இருக்காது. ஆகவே பீட் நிலைத்த பிறகு அதை அணைத்துப் பழகுங்கள். முதல் 300 மீட்டர் டிக்கோடு, அடுத்த ரவுண்டு டிக் இல்லாமல், அதற்கடுத்தது மறுபடி டிக்கோடு. திரும்ப ஆன் செய்யும்போது கால் டிக்கைவிட முந்துகிறதா பிந்துகிறதா என்று பாருங்கள். கடைசியாக, டிக்கே இல்லாமல் 1500 ஓடுங்கள். 400 மீட்டர் தடத்தில் முதல் 300 மீட்டர் 80 விநாடியில் வர வேண்டும். 70-ல் வந்தால் இன்னும் கூட்டத்தின் வேகத்தில்தான் ஓடுகிறீர்கள், மறுநாள் மறுபடி டிக்கைப் போட்டு அந்த 300 மீட்டரை மட்டும் திரும்பத் திரும்ப ஓடிப் பாருங்கள்.