கிணற்றடியில் ஒரு ஜமக்காளம்

2024 பெப்ரவரி 2, வெள்ளிக்கிழமை

பவானியிலிருந்து வாங்கி வந்த பருத்தி ஜமக்காளத்தை இன்று அலுமாரியின் மேலிருந்து இறக்கினேன். பிரித்ததும் புளித்த மோர் போன்ற வாடை அடித்தது. மார்கழியில் மழை விட்டிருந்த இரண்டு நாட்களில் கழுவி, கையால் தடவிப் பார்த்து, காய்ந்துவிட்டதென்று சுருட்டி வைத்தது நானே. மேற்புறம் உண்மையில் காய்ந்துதான் இருந்தது. ஆனால் குறுக்கே ஓடும் நூல் பென்சில் முனையளவு தடித்தது. அதன் உள்ளே தங்கிய ஈரத்தில், சுருளுக்குள் காற்றுப் புகாத நிலையில், நுண்ணுயிர்கள் பெருகியிருக்கின்றன. வாசனைத் தெளிப்பான் இதற்கு உதவாது. மீண்டும் கழுவத்தான் வேண்டும்.

கழுவுவதற்கு முன் வெயிலில் ஒரு நாள் முழுவதும் விரித்துவிட்டு, மாலையில் தூக்குத் தராசில் நிறுத்தேன்: 1 கிலோ 900 கிராம். இந்த எண்ணைச் சுவர் நாட்காட்டியில் குறித்திருக்கிறேன்.

பெப்ரவரி 3, சனிக்கிழமை

சிவப்புக் கோட்டின் ஓரத்தில் ஈர வெள்ளைத் துணியை அழுத்தி எடுத்தபோது மிக மெல்லிய இளஞ்சிவப்பு மட்டுமே ஒட்டியது. ஆகவே குளிர்ந்த நீரே போதுமென்றும், ஊறவைப்பது இருபது நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்றும் முடிவுசெய்தேன்.

முதலில் மதிலில் போட்டுத் தூசியை அடித்து உதறினேன். பிறகு கிணற்றுக்கட்டில் விரித்து, சலவைத் தூள் கரைத்த நீரில் ஊறவைத்து, தும்புத் தூரிகையால் கோடுகள் ஓடும் திசையிலேயே தேய்த்தேன். குறுக்கே தேய்த்தால் நூல் பிசிறாகக் கிளம்பும்.

சென்ற முறை சவர்க்காரக் கட்டியால் தேய்த்தேன். எங்கள் கிணறு சுண்ணக்கல்லுக்குள் இறங்கியது. அந்தக் கடின நீரில் சவர்க்காரம் நுரைப்பதற்குப் பதிலாக நீரிலுள்ள கல்சியத்துடன் சேர்ந்து கரையாத வெண்படிவாக நூலில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பிசுபிசுப்பு அழுக்கையும் பிடித்து வைக்கிறது, நுண்ணுயிர்களுக்கும் தீனியாகிறது. சலவைத் தூள் இந்த நீரில் அவ்வளவு படிவதில்லை. நான்கு முறை அலசிய பின்னரே நீர் தெளிந்தது. ஐந்தாவது முறை ஒரு வாளி நீரில் அரைக் கோப்பை வெள்ளை வினாகிரி கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, மீண்டும் வெறும் நீரில் அலசினேன். பழைய படிவு தளர்ந்து, விரலில் உணர்ந்த வழுக்கல் போனது. வெளுப்புத் திரவம் வைத்திருப்பவர்கள் அதையும் வினாகிரியையும் ஒருபோதும் சேர்க்கக்கூடாது; நச்சு வாயு எழும்.

முறுக்கிப் பிழியவில்லை. பழைய பருத்திச் சேலையின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, அதன் மேல் ஏறி மிதித்தேன். சேலை நனைந்து கனத்தது. ஜமக்காளம் 3 கிலோ 400 கிராமுக்கு இறங்கியது.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஒரு கொடியிலை போடாதை பிள்ளை, மடிஞ்ச இடம் காயாது," என்றார். அவர் சொன்னது சரி. ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டால் கயிறு படும் இடத்தில் இரண்டு மடிப்பும் ஒட்டி ஈரம் நிற்கும். எனவே இரண்டு கொடிகளை முக்கால் முழ இடைவெளியில் கட்டி, கூரை போல விரித்தேன். கீழாலும் காற்றுப் போகிறது.

மாலை ஐந்து மணிக்கே உள்ளே எடுத்தேன், தைப் பனி இறங்குவதற்கு முன்னர். சுருட்டாமல் இரண்டு கதிரைகளின் முதுகில் பரப்பி, மின்விசிறியை ஓடவிட்டேன்.

பெப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை

நண்பகலில் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் காய்ந்ததாகவே பட்டது. தராசு 2 கிலோ 150 கிராம் காட்டியது. அதாவது கால் கிலோ நீர் இன்னும் உள்ளே இருக்கிறது. மார்கழியில் நான் சுருட்டி வைத்தது இந்த நிலையில்தான் என்று இப்போது தெரிகிறது. குஞ்சம் முடிச்சுப் போட்ட ஓரங்களைக் கன்னத்தில் வைத்தால் மட்டும் குளிர்ச்சி தெரிந்தது. பின்பக்கத்தைத் திருப்பி, கயிறு பட்ட இடங்களை மாற்றிப் போட்டேன்.

பெப்ரவரி 5, திங்கட்கிழமை

மாலை 1 கிலோ 920 கிராம். முடிச்சுகளும் சூடாக இருந்தன. வெயிலின் சூட்டோடு சுருட்டினால் உள்ளே வியர்க்கும் என்பதால், இரவு முழுவதும் அறையில் ஆறவிட்டேன்.

வாசலில் கிடக்கும் சணல் பாயை இதே போல நனைக்க முடியாது. சணல் நீரைக் குடித்து நாட்கணக்கில் விடாது. பழுப்புக் கறையும் ஊறும். அதற்கு உதறலும், பிழிந்த துணியால் துடைத்து உடனே வெயிலில் நிறுத்துவதும்தான்.

பெப்ரவரி 12, திங்கட்கிழமை

சுருட்டி ஒரு வாரமாகிறது. இன்று பிரித்து, நடுப்பகுதியில் முகத்தைப் புதைத்து முகர்ந்தேன். பருத்தி வாசம் மட்டுமே இருந்தது. மீண்டும் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போடாமல் பழைய சேலையில் பொதிந்து அலுமாரி மேல் வைத்தேன்.